கல்லா தினமும் டேலி ஆகிறது, லாபத்தை மட்டும் காணோம்

கோழி, மட்டன் வாங்கும் கணக்கு ஏறிக்கொண்டே போனது. விற்பனைக் கணக்கு இருந்த இடத்திலேயே நின்றது. எங்கள் ஹோட்டலில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தட்டுப்பட்டது இப்படித்தான். திருப்பூரில் பதினாறு மேஜை போட்ட சாதாரண அசைவ ஹோட்டல் எங்களுடையது. நாளொன்றுக்கு சுமார் 250 பில் ஓடும். பார்சல் தனி. கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி வீட்டில் படுத்தபோது கணக்கு வழக்கு என் கைக்கு வந்தது. அதற்கு முன்பு 100 ரூபாய் விற்றால் சமையல் பொருளுக்கு 38 ரூபாய் போகும் என்று அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் பார்க்கும்போது அது 43, 44 என்று நின்றது. கறி விலை ஏறியதைக் கழித்துப் பார்த்தாலும் கொஞ்சம் இடித்தது.

யாராக இருந்தாலும் முதலில் சமையலறையைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் அங்கேதான் போய் நின்றேன். பிரியாணிக்கு எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ கறி, ஒரு கிலோ கறியில் எத்தனை பிளேட், மீந்தது எவ்வளவு என்று மாஸ்டரை வைத்துக்கொண்டு எடை போட்டோம். அவர் முகம் சுருங்கியதே தவிர கணக்கு பிசகவில்லை. சமைத்த உணவு வெளியே போகிறது, சாப்பிட்டவர்கள் காசு கொடுக்கிறார்கள், அந்தக் காசு முழுதாகக் கல்லாவுக்கு வரவில்லை. மீதி இருந்த வழி அது ஒன்றுதான். ஆனால் கல்லா தினமும் ராத்திரி ரூபாய் சுத்தமாக டேலி ஆகிக்கொண்டிருந்தது.

இதைச் சித்தப்பா மகனிடம் சொன்னேன். அவன் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறான், நிறைய ஹோட்டல் கணக்கு பார்த்தவன். "அக்கா, சில்லறை புழங்குற எந்தக் கல்லாவும் தினமும் அப்படி டேலி ஆகாது. இருபது ரூபாய் கூடும், பத்து ரூபாய் குறையும். உங்க கல்லா ரொம்ப அழகா இருக்கு, அதுதான் எனக்கு உறுத்துது" என்றான். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. நேர்மையான ஆளைப் பற்றி இப்படிப் பேசுகிறானே என்று. எங்கள் ராத்திரி கேஷியர் ஆறு வருஷமாக எங்களோடு இருந்தவர். கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வந்தவர்.

கல்லா எப்படி டேலி ஆகிக்கொண்டே காசு போகும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கம்ப்யூட்டர் சொல்லும் தொகையும் டிராயரில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருந்தால் நாம் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். எடுப்பவர் அந்த இரண்டில் எதை வேண்டுமானாலும் குறைக்கலாம். டிராயரிலிருந்து எடுத்தால் அன்றைக்கே மாட்டிக்கொள்வார். கம்ப்யூட்டரில் இருக்கும் விற்பனையை முதலில் குறைத்துவிட்டு அந்த அளவுக்கு மட்டும் டிராயரிலிருந்து எடுத்தால் இரண்டும் அழகாகப் பொருந்தும். அதற்கு பில் போடும் மென்பொருளிலேயே மூன்று வழி இருக்கிறது. அச்சடித்துக் காசு வாங்கிய பில்லை அப்புறம் கேன்சல் செய்வது ஒன்று. பில்லைத் திறந்து அதில் ஒன்றிரண்டு ஐட்டத்தை மட்டும் அழிப்பது இன்னொன்று. முழுத் தொகை வாங்கிவிட்டு, பிறகு அந்த பில்லில் பத்து சதவீதம் டிஸ்கவுண்ட் போடுவது மூன்றாவது. மூன்றிலும் வாடிக்கையாளர் கையில் சரியான பில்தான் இருக்கும். அவர் அதைக் கசக்கிப் போட்டுவிட்டு சோம்பு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இந்த மூன்றும் தவறான வசதிகள் இல்லை என்பதுதான் சிக்கல். சப்ளையர் மேஜை எண்ணை மாற்றிச் சொல்லிவிடுவார், ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிவிடும், யூபிஐ சிக்கிக்கொண்டு அதே பில்லை வேறு மாதிரி போட வேண்டி வரும். மாதம் நூறு கேன்சல் இருப்பது திருட்டுக்கு அடையாளமே இல்லை. நான் முதலில் கேன்சல் ரிப்போர்ட்டைத் திறந்து அந்த நீளமான பட்டியலைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

தம்பி சொல்லிக் கொடுத்த முதல் சோதனை இதுதான். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம். யூபிஐயில் வந்த பணம் நேராக பேங்குக்குப் போகிறது, அதில் கேஷியர் கை வைக்க முடியாது. அதனால் நேர்மையாக நடக்கும் டிஸ்கவுண்ட், திருத்தம் எல்லாம் ரொக்க பில்லிலும் யூபிஐ பில்லிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். தெரிந்தவருக்குத் தள்ளுபடி கொடுக்கிறோம் என்றால் தெரிந்தவர் எல்லோரும் ரொக்கமாகவே கொடுப்பார்களா என்ன? ஒரு மாதத்து பில்லை எக்செல்லில் இறக்கி இரண்டாகப் பிரித்தேன். ரொக்க பில் சுமார் 3,100, யூபிஐயும் கார்டும் சேர்த்து 4,700. யூபிஐ பக்கம் டிஸ்கவுண்ட் போட்டது 61, அதாவது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ரொக்கப் பக்கம் 214, நூற்றுக்கு ஏழு. யூபிஐ விகிதத்தில் பார்த்தால் ரொக்கத்தில் 40 இருந்திருக்க வேண்டும். மிச்சம் 174 பில்லில் பெரும்பாலும் அறுபது ரூபாய் சுற்றித்தான் தள்ளுபடி. சின்னத் தொகையாக இருந்ததால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

கேன்சல் பில்லுக்கு இதே சோதனையை நேரடியாகப் போட முடியவில்லை. எங்கள் மென்பொருளில் பில்லைக் கேன்சல் செய்தால் பணம் வந்த வழியும் அதோடு அழிந்துவிடுகிறது. அதற்கு வேறு வழி: நேரம். உண்மையான கேன்சல் எப்போது நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்டர் கொடுத்து ஐந்து, பத்து நிமிஷத்துக்குள், அடுப்பில் போடுவதற்கு முன்பு. இல்லாவிட்டால் பில் அச்சானதும் தப்பு தெரிந்து உடனே கேன்சல் செய்து, அதே மேஜைக்குப் புது பில் அடிப்பார்கள். இந்த இரண்டிலும் சேராதது எது? சாப்பிட்டு முடித்து, பில் வாங்கி, ஆள் கிளம்பிப் போன பிறகு, புது பில் எதுவும் இல்லாமல் கேன்சல் ஆனது. அதைத்தான் பிரித்து எடுக்க வேண்டும்.

இதற்கு வெறும் கேன்சல் ரிப்போர்ட் போதாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற ஆடிட் லாக் வேண்டும். பல மென்பொருளில் அது இருக்கிறது, ஆனால் மெனுவில் எங்கேயோ ஒளிந்திருக்கும். எங்களுக்கு விற்றவரிடம் போன் செய்து கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். கேட்கும்போது கல்லா பக்கத்தில் நின்று கேட்காதீர்கள், வீட்டிலிருந்து கேளுங்கள். லாகை இறக்கியதும் கே.ஓ.டி. அதாவது சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு அடித்த நேரம் J நெடுவரிசையிலும் கேன்சல் ஆன நேரம் K நெடுவரிசையிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையில் எத்தனை நிமிஷம் என்பதை இப்படி எடுக்கலாம்:

```
=(K2-J2)*1440
```

இரண்டிலும் தேதியும் நேரமும் சேர்ந்து இருக்க வேண்டும். நேரம் மட்டும் இருந்தால் நள்ளிரவு தாண்டிய பில்லில் மைனஸ் கணக்கு வந்து குழப்பும். இறக்கிய நேரம் எக்செல்லில் வெறும் எழுத்தாக உட்கார்ந்துகொண்டு கழிக்க மறுத்தால் அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த ஒன்றுக்கே ஒரு சாயங்காலம் போனது.

அந்த மாதம் பில் அச்சான பிறகு கேன்சல் ஆனவை 118. ஒவ்வொன்றுக்கும் அதே மேஜையில் பத்து நிமிஷத்துக்குள் புது பில் இருக்கிறதா என்று பார்த்தேன். 63 பில்லுக்கு ஜோடி கிடைத்தது, அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். மிச்சம் 55. எல்லாமே கே.ஓ.டி. அடித்து நாற்பது நிமிஷம் தாண்டிக் கேன்சல் ஆனவை, பெரும்பாலும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல், இரண்டு மூன்றாகச் சேர்ந்தாற்போல. சேர்த்துப் பார்த்தால் 28,600 ரூபாய். ஐட்டம் அழித்த வகையில் இன்னொரு 14,000. டிஸ்கவுண்டில் பத்தாயிரம் சொச்சம். ஒரே மாதத்தில் 53,000 ரூபாய். முந்தைய மாதங்களையும் இதே மாதிரி பிரித்தபோது, கணவர் கடைக்கு வருவது குறைந்த காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. மொத்தம் மூன்றரை லட்சத்துக்குக் குறையாது. கையில் இருந்த நகையை அடகு வைத்துக் கறிக்கடை பாக்கி கொடுத்திருந்தேன். அந்த ராத்திரி அழுகைகூட வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் எக்செல்லில் இருப்பது சந்தேகம்தான், சாட்சி இல்லை. அந்த 55-இல் ஒன்றை எடுத்து வேர் வரை தோண்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி பில். ஏழாம் நம்பர் மேஜை: மட்டன் பிரியாணி இரண்டு, பெப்பர் சிக்கன் ஒன்று, பரோட்டா மூன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. 930 ரூபாய், ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம் சேர்த்து, ரவுண்ட் ஆஃப் செய்து 977. கே.ஓ.டி. 8.21-க்கு, பில் அச்சானது 9.04-க்கு, கேன்சல் 9.52-க்கு. காரணம் என்ற இடத்தில் 'கஸ்டமர் போய்விட்டார்'. எங்கள் மாஸ்டர் பழைய ஆள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முடித்த சீட்டில் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போட்டு ஆணியில் குத்தி வைப்பார். அந்த வாரத்துச் சீட்டுக் கட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. ஏழாம் நம்பர் சீட்டு அதில் இருந்தது, மூன்று ஐட்டத்திலும் கோடு விழுந்திருந்தது. தண்ணீர் பாட்டில் சமையலறைக்குப் போகாது என்பதால் அது மட்டும் இல்லை. ஆகச் சமைத்துப் பரிமாறியிருக்கிறார்கள்.

அடுத்தது கேமரா. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பில் கம்ப்யூட்டர் காட்டும் நேரமும் கேமரா பதிவுப் பெட்டி காட்டும் நேரமும் ஒன்றாகவே இருக்காது. எங்களுடையதில் கேமரா ஆறு நிமிஷம் முன்னால் ஓடியது. முதலில் இரண்டையும் ஒரே சமயத்தில் போனில் படம் எடுத்து வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தப்பான நிமிஷத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். இன்னொன்று, பதிவுப் பெட்டியில் பழையது தானாக அழிந்துகொண்டே இருக்கும். எங்களுடையதில் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே வேண்டியதைப் பென் டிரைவில் எடுத்துவிட வேண்டும். ஆறு நிமிஷம் கூட்டிப் பார்த்தபோது, கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கல்லாவில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுக்கிறார், மீதிச் சில்லறை வாங்கிச் சட்டைப் பையில் போடுகிறார், பக்கத்தில் ஒரு சின்னப் பெண் சோம்பு அள்ளுகிறாள். 977 ரூபாய் வந்தது, 48 நிமிஷம் கழித்துக் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போனது.

இப்போது யார் என்பது. லாகில் இந்தக் கேன்சல் எல்லாமே பகல் ஷிப்ட் கேஷியர் பெயரில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். கணவர் உடனே அவனைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றார். நான் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அவனுக்கு வார விடுமுறை. செவ்வாய் ராத்திரிகளிலும் அவன் பெயரில் கேன்சல் நடந்திருந்தது. மற்ற நாட்களிலும் அவன் நாலரைக்குக் கிளம்பிவிடுவான், கேன்சல் எல்லாம் ஒன்பதரைக்கு மேல். மென்பொருள் போட்டுக் கொடுத்தவர் எல்லோருக்கும் 1234 என்றே பின் நம்பர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், யாரும் மாற்றவில்லை. லாகில் பெயர் இருப்பது அந்தப் பெயரில் உள்ளே நுழைந்தார்கள் என்பதற்குத்தான் ஆதாரம். நாற்காலியில் யார் இருந்தார் என்பதை வருகைப் பதிவேடும் கேமராவும்தான் சொல்லும். அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை தவறாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அவன் இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறான், அவனுக்கு இது எதுவும் தெரியாது.

ராத்திரி கேஷியர் என்று தெரிந்தும் மனம் ஒப்பவில்லை. கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. நான் படித்ததிலேயே உருப்படியானது இதுதான். காசு வாங்கும் நேரத்துக்கும் கேன்சல் செய்யும் நேரத்துக்கும் நடுவில், அந்தக் காசு எங்கே இருக்கும்? அநேகமாக டிராயரில்தான் இருக்கும். கூட்ட நேரத்தில் எல்லோர் கண் முன்னாலும் தனியாக எடுத்து வைக்க முடியாது. பில் கேன்சல் ஆனால் டிராயரில் அதே தொகை கூடுதலாகிவிடும், ஆறுதலாக எடுத்துக்கொள்வார். டிஸ்கவுண்டும் ஐட்டம் அழிப்பும் கூட்டத்துக்கு நடுவிலேயே ஒவ்வொன்றாக நடந்துவிடும். அந்தக் கூடுதல் காசு ஷிப்ட் முடியும் வரை டிராயரில் கிடக்கும். அதனால் ஷிப்ட் முடிந்த பிறகு எண்ணினால் எல்லாம் சரியாக இருக்கும். நடுவில் திடீரென்று எண்ணினால் கணக்கைவிடப் பணம் அதிகம் இருக்கும். பணம் குறைந்தால்தான் திருட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதிகம் இருப்பதும் அதே அடையாளம் என்பது புதுசு.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நானும் தம்பியும் கடைக்குப் போனோம். கேன்சல் எல்லாம் முடிந்து, கணக்கு முடிக்காத நேரம். "தம்பி, ஆடிட்டருக்குக் கணக்கு வேணுமாம், ஒரு நிமிஷம் எண்ணிக்கலாம்" என்று கேஷியரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். காலையில் சில்லறைக்காகப் போட்ட தொகை, அதுவரை பதிவான ரொக்க விற்பனை, நடுவில் பால்காரருக்கும் ஐஸ்காரருக்கும் கொடுத்தது எல்லாம் கூட்டிக் கழித்தால் இருக்க வேண்டியதைவிட 1,480 ரூபாய் அதிகம். அன்றைக்கு ராத்திரி கேன்சல் ஆன இரண்டு பில், இன்னும் மூன்று பில்லில் போட்ட தள்ளுபடித் தொகை எல்லாம் கூட்டினால் 1,465. பதினைந்து ரூபாய் சில்லறை வித்தியாசம். எண்ணிய தொகையை எழுதி, அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். அப்போது எதுவும் கேட்கவில்லை.

இதை ஒரு தடவை மட்டும் செய்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. யாராவது மீதி வாங்காமல் போயிருப்பார்கள், ஒரு பில் யூபிஐ என்று தவறாகப் பதிவாகி ரொக்கமாக வந்திருக்கும். அதற்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு. மென்பொருளில் அன்றைய யூபிஐ மொத்தமும் பேங்குக்கு வந்த மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் வழி மாறிப் பதிவானது காரணமில்லை. அன்றைக்கு எங்களுக்கு ஒத்துப்போனது. அதே வாரத்தில் வேறு நாளில் மறுபடி எண்ணினோம், மறுபடியும் அதிகம், மறுபடியும் அன்றைய கேன்சலோடு பொருந்தியது.

கேஷியரைக் கூப்பிட்டுக் கேட்ட நாளில் கணவரும் வந்தார், இடுப்பில் பெல்ட்டோடு. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து தம்பியும் இருந்தான். கல்லாவில் வைத்துப் பேசவில்லை, மாடியில் பேசினோம், கதவைத் திறந்தே வைத்திருந்தோம். "எவ்வளவு எடுத்தே" என்று கேட்கவே இல்லை. ஏழாம் நம்பர் மேஜை பில், மாஸ்டர் கோடு போட்ட சீட்டு, கேமரா படம், அவர் கையெழுத்துப் போட்ட எண்ணிக்கை நான்கையும் வரிசையாக மேஜையில் வைத்துவிட்டு, "இது எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க தம்பி" என்றார் கணவர். கேஷியர் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் பிழை என்றார், அப்புறம் சப்ளையர் சொன்னார் என்றார். கேமரா படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார். ஆன்லைன் ரம்மிக் கடன் என்றார். உண்மையா என்று தெரியாது. அவர் கைப்பட எழுதிக் கொடுத்தார். எழுதச் சொல்லி மிரட்டக் கூடாது, சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதனால் அந்த மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துத்தான் அனுப்பினோம். போலீஸுக்குப் போவதானால் மென்பொருளிலிருந்து எடுத்த லாகுக்கும் கேமரா பதிவுக்கும் சான்றிதழோடு ஆதாரம் கொடுக்க வேண்டும் என்றும் வக்கீல் சொன்னார். கணவர் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. கேஷியர் 80,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார், அதன் பிறகு போன் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் மாற்றியதில் பலன் கொடுத்தவை இரண்டு மூன்றுதான். அச்சான பில்லைக் கேன்சல் செய்ய வேண்டுமானால் என் போனுக்கு ஒரு எண் வரும், அதை நான் சொன்னால்தான் நடக்கும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, சமையல் நடுவில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் கேன்சல் செய்ய வேண்டிய தேவையே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அதைவிட எளிமையான இன்னொன்றுக்குச் செலவே இல்லை. கேன்சல் ஆன ஒவ்வொரு பில்லுக்கும் அந்த அச்சடித்த காகிதம் ஆணியில் இருக்க வேண்டும். உண்மையிலேயே தப்பாக அடித்த பில் என்றால் காகிதம் நம்மிடம்தான் இருக்கும். காசு வாங்கிக் கொடுத்த பில் வாடிக்கையாளரோடு போயிருக்கும். பழைய பில்லை மறுபடி அச்சடித்து ஆணியில் குத்தி ஏமாற்றலாம். அதற்காக மறு அச்சில் 'டூப்ளிகேட்' என்று விழும்படி வைக்கச் சொன்னோம், மென்பொருள்காரர் ஒரே நாளில் செய்து கொடுத்தார். மூன்றாவது, ராத்திரி கணக்கு முடிக்கும்போது கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் தொகையைக் கேஷியருக்குக் காட்டுவதில்லை. அவர் எண்ணி எழுதிய பிறகுதான் நான் திறந்து பார்க்கிறேன். இப்போது தினமும் பத்து, இருபது கூடிக் குறைகிறது. அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

டிஸ்கவுண்டை முழுதாக எடுக்கவில்லை, பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். மாதம் ஒரு முறை ரொக்கம், யூபிஐ இரண்டையும் பிரித்துப் பார்ப்பதோடு சரி. இப்போது இரண்டும் ஒன்றரை சதவீதத்தையொட்டி நிற்கிறது.

வரி விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது என்னை ரொம்பக் கடுப்பேற்றியது. கேன்சல் என்று காட்டியதால் அந்த விற்பனை எங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் ஏறவில்லை. ஆனால் சாப்பாடு விற்றது உண்மை, வரி சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கியதும் உண்மை. பணம் யார் பையில் போனாலும் வரி கட்ட வேண்டியது ஓனர்தான் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். கண்டுபிடித்த தொகையை அடுத்த மாதக் கணக்கில் சேர்த்து, ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு கட்டினோம். தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் பிற்பாடு நாமே மறைத்ததாகிவிடும் என்றார்.

இத்தனையும் கம்ப்யூட்டரில் ஒரு தடவையாவது பதிவான விற்பனைக்குத்தான் உதவும். சப்ளையர் வாயால் சொல்லி, சீட்டே இல்லாமல் வாங்கி விற்பதை எந்த ரிப்போர்ட்டும் காட்டாது. அதற்கு எண்ணிக்கைதான் வழி. நான் தண்ணீர் பாட்டிலையும் பிரியாணி பார்சல் டப்பாவையும் பிடித்துக்கொண்டேன். இரண்டிலும் வீணாவது குறைவு, எடை போட வேண்டாம். திங்கட்கிழமை காலை இருந்தது, வாரத்தில் வாங்கியது, அடுத்த திங்கள் காலை மிச்சம் மூன்றும் தெரிந்தால் எத்தனை போயிருக்கிறது என்று வந்துவிடும், அதை பில்லில் இருக்கும் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு குறைந்தால் விட்டுவிடுவேன், ஓட்டை டப்பா, ஆட்கள் குடித்த பாட்டில் என்று இருக்கும். வாரத்துக்குப் பத்துக்கு மேல் போனால் கேட்பேன். வாசலில் இருக்கும் டீ, ஜூஸ் கவுண்டருக்கு மட்டும் இது பொருந்தவில்லை. பாலும் பழமும் எண்ண முடியாத சரக்கு. இப்போதைக்குக் கல்லாவில் டோக்கன் வாங்கி வந்தால்தான் டீ என்று வைத்திருக்கிறோம். டீ மாஸ்டர் டோக்கனைக் கிழிக்காமல் விட்டால் அதே டோக்கன் திரும்பக் கல்லாவுக்கு வரும் என்பதால், டோக்கனில் தேதியும் வரிசை எண்ணும் விழும்படி செய்திருக்கிறோம். அது சரிவருமா என்று இன்னும் இரண்டு மாதக் கணக்கு பார்த்தால்தான் சொல்ல முடியும்.